அவர் கிளம்புவதற்கு முன்

நம் ஊர் அலுவலகங்களில் சந்திப்பைத் தள்ளிவைப்பவர்கள் குறைவு. வந்தவரைக் காத்திருக்க வைப்பவர்கள்தான் அதிகம். 11 மணிக்கு வரச் சொன்னவரைப் பார்க்க முடியாது என்பது காலை 8 மணிக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் யாரும் போன் செய்ய மாட்டார்கள். அவர் வருவார், வரவேற்பறை சோபாவில் உட்காருவார். டீ வரும், பேப்பர் வரும். "சார் உள்ளே மீட்டிங்ல இருக்காரு, இப்ப வந்துடுவாரு" என்ற பதிலும் அரைமணிக்கு ஒருமுறை வரும். பிற்பகல் 2 மணிக்கு முதலாளி வெளியே வந்து, "அடடா, ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்களா?" என்று கேட்பார்.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை, சங்கடமும்தான். "நாளைக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னால் மரியாதைக் குறைவு, வந்தபின் காக்கவைத்தால் அது வேலை மும்முரம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் ஓடுகிறது. காத்திருந்தவரைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார். கடைசி நேரத்தில் தேதி மாறுவது தொழிலில் சகஜம் என்று அவருக்கும் தெரியும். அந்த மாற்றத்தின் செலவு முழுவதையும் தன் தலையில் கட்டிவிட்டார்களே என்பதுதான் அவருடைய கோபம்.

ஆகவே சந்திப்பைத் தள்ளிவைப்பது என்பது அந்தச் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி. அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று திருப்பூரில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம்.

ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். வேடசந்தூர்ப் பக்கமுள்ள ஒரு மில்லிலிருந்து நூல் வாங்குகிறார்கள். கடைசியாக வந்த லாட்டில் ஒரு குறை. துணிக்குச் சாயம் ஏற்றியபின் ஆங்காங்கே வெள்ளை இழைகள் தெரிகின்றன. பஞ்சில் பிளாஸ்டிக் சாக்கு நார் கலந்திருந்தால் இப்படி ஆகும். பருத்திக்குப் போடும் சாயம் அந்த நாரில் ஏறாது. மில்லின் மார்க்கெட்டிங் மேனேஜரும் குவாலிட்டி அதிகாரியும் நேரில் வந்து துணியைப் பார்ப்பதாக ஏற்பாடு. 18-ஆம் தேதி வியாழன், காலை 11 மணி. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் காரில் வருவதென்றால் அவர்கள் காலை 7 மணிக்குள் கிளம்ப வேண்டும்.

புதன் மாலை 5:40-க்கு பையரின் அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு போன். வெள்ளிக்கிழமை நடக்க இருந்த இறுதி ஆய்வை வியாழனுக்கே மாற்றிவிட்டார்கள். இறுதி ஆய்வு என்றால் சரக்கு முழுவதும் தைத்து முடிந்து, பொதுவாக 80 சதவீதமாவது பெட்டியில் அடைபட்டிருக்க வேண்டும். ஆய்வில் தேறாவிட்டால் சரக்கு நகராது. முதலாளியும் மெர்ச்சண்டைசரும் நாள் முழுக்க பேக்கிங் பிரிவை விட்டு அசைய முடியாது. 11 மணிச் சந்திப்பு நடக்காது என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இனி முதல் கேள்வி, எப்போது சொல்வது? பெரும்பாலானோர் இங்கே ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள். "ஒருவேளை ஆய்வு சீக்கிரம் முடிந்துவிட்டால்?", "எம்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு?", "மாற்றுத் தேதி முடிவானதும் சேர்த்தே சொல்லிவிடலாமே?" என்று யோசிப்பதில் இரவு 9 ஆகிவிடும். 9 மணிக்கு அழைப்பது நாகரிகமில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். காலை 7:15-க்கு அழைக்கும்போது அவர்கள் ஒட்டன்சத்திரம் சாலையில் இருப்பார்கள். சந்திப்பின் நேரம் 11 மணிதான். ஆனால் தகவல் சொல்வதற்கான கெடு அவர் அதற்காக முதல் ரூபாயைச் செலவழிக்கும் நேரம். இந்தக் கதையில் அது 7 மணிகூட இல்லை. புதன் மாலை டிரைவருக்குச் சொல்லி, வண்டிக்கு டீசல் போடும் நேரம்.

மாற்றுத் தேதி தயாராக இல்லாவிட்டாலும் "நாளை இல்லை" என்பதை முதலில் சொல்லிவிடலாம். "மாற்று நேரத்தை இன்னிக்கு 7 மணிக்குள்ள சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டு, சொன்னபடி 7 மணிக்குள் சொன்னால் போதும்.

அடுத்தது, எதில் சொல்வது? 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் போன்தான். மின்னஞ்சலை அவர் மறுநாள் பகலில் திறக்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தாலும் திறந்தார் என்பது மட்டுமே உறுதி, படித்து மனதில் வாங்கினாரா என்று தெரியாது. போனில் பேசி முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்ப வேண்டும். பேச்சு மரியாதைக்கு, எழுத்து ஞாபகத்துக்கு. இரண்டில் ஒன்றை விட்டாலும் குழப்பம்தான்.

யார் பேசுவது என்பதும் நம்மிடையே சின்ன விஷயமில்லை. வரப்போகிறவர் வயதில் மூத்தவராகவோ மில்லின் முதலாளியாகவோ இருந்தால், அலுவலகப் பையன் போன் செய்து "சார் மாத்தச் சொன்னாங்க" என்பது காயப்படுத்தும். முதலாளியே ஒரு நிமிடம் பேசிவிட்டு, "மத்த விவரத்தைத் தம்பி சொல்வாரு" என்று கைமாற்றலாம். இங்கே வருபவர் மேனேஜர், வாரத்துக்கு நான்குமுறை பேசிப் பழகியவர். எனவே மெர்ச்சண்டைசரே அழைக்கிறார்.

"வணக்கங்கண்ணா, ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

"சொல்லுங்க தம்பி."

"நாளைக்கு 11 மணிக்கு வர்றதா இருந்ததை மாத்த வேண்டியதாப் போச்சுங்கண்ணா. வெள்ளிக்கிழமை வர வேண்டிய பையர் இன்ஸ்பெக்ஷன் நாளைக்கேன்னு இப்பத்தான் சொன்னாங்க. நானும் எம்டியும் பேக்கிங்லயே நிக்கணும்."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க! எங்க குவாலிட்டி சார் உங்களுக்காக நாளைக்கு ஷிஃப்டையே மாத்தி வெச்சிருக்காரு."

"தெரியுங்கண்ணா. அவசரம்னு சொல்லி இந்தத் தேதியைக் கேட்டதே நாங்கதான். வண்டியும் சொல்லியிருப்பீங்க. எங்களாலதான் இந்த அலைச்சல், தப்பா நினைச்சுக்காதீங்க. மூணு நேரம் பார்த்து வெச்சிருக்கேன், சொல்லட்டுங்களா?"

இந்தப் பேச்சில் ஒரு வரிசை இருக்கிறது. மாற்றம் என்ற செய்தி முதலில் வந்துவிட்டது. நம்மில் பலர் காரணத்திலிருந்து ஆரம்பிப்போம். பையர் எப்போது போன் செய்தார், என்ன சொன்னார், முன்பும் ஒருமுறை இப்படித்தான் செய்தார் என்று நீட்டி முழக்கி, கடைசியில் "அதனால..." என்று இழுப்போம். கேட்பவர் அதுவரை, "இவர் என்னை வரச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?" என்று தவித்துக்கொண்டிருப்பார். காரணம் ஒரே வரியில், உண்மையாக இருந்தால் போதும். பையரின் பெயரையோ ஆர்டரின் அளவையோ சொல்ல வேண்டியதில்லை. பொய் மட்டும் வேண்டாம். திருப்பூரில் "எம்டிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அதே நாளில் ஆய்வை நடத்தினால், அட்டைப்பெட்டி இறக்க வந்தவர் மூலமாக அது மில்லுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

இரண்டாவது, அவருடைய சிரமத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்ற வாக்கியம் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும் இடத்தில் பலகையாகத் தொங்கும். அதைப் படித்து ஆறுதல் அடைந்த வாகன ஓட்டி யாரும் இருக்க முடியாது. வண்டி, மாற்றிவைத்த ஷிஃப்ட், நாமே அவசரப்படுத்தி வாங்கிய தேதி என்று குறிப்பாகச் சொல்லும்போது, தான் செய்த ஏற்பாடுகளை எதிராளி அறிந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது. என்ன இழப்பு என்று தெரியாவிட்டால் கேட்டுவிடலாம்: "ஏதாவது புக் பண்ணிட்டீங்களா?" கேட்டபின் அதைத் தீர்க்கும் பொறுப்பும் நமக்கு வந்துவிடுகிறது. ரத்து செய்தால் பணம் போகும் டாக்சி என்றால் அந்தத் தொகையை நாம் கொடுத்துவிடுவதுதான் முறை. அதேபோல, பத்து முறை "சாரி" கேட்பதும் நல்லதல்ல. ஒரு கட்டத்துக்கு மேல் அவர் தன் எரிச்சலை விழுங்கிக்கொண்டு நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது, மாற்று நேரங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "உங்களுக்கு எப்ப வசதின்னு சொல்லுங்க, நான் வந்துடறேன்" என்பது கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். உண்மையில் அது வேலையை மறுபடியும் அவர் பக்கம் தள்ளுகிறது. அவர் தன் டைரியைப் பார்த்து, குவாலிட்டி அதிகாரியைக் கேட்டு, ஒரு நாளைச் சொல்வார். "அன்னிக்கு எனக்குக் கோயம்புத்தூர்ல வேலை இருக்குங்களே" என்போம். இப்படி இரண்டு சுற்று போனால் முதலில் தள்ளிவைத்ததைவிட இதுதான் அதிகம் எரிச்சலூட்டும். திட்டவட்டமாக இரண்டோ மூன்றோ நேரங்களைச் சொல்லி, தேர்வை அவரிடம் விட வேண்டும். போனில் பேசியபின் அந்த மெர்ச்சண்டைசர் அனுப்பியதாக இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் அண்ணா. இப்போது பேசியபடி, 18-ஆம் தேதி வியாழன் காலை 11 மணிச் சந்திப்பு நடக்காது. தயவுசெய்து நாளை கிளம்ப வேண்டாம். கீழே உள்ள மூன்றில் எது வசதி என்று சொல்லுங்கள்.
அ) 19 வெள்ளி, பிற்பகல் 2:30, எங்கள் அலுவலகத்தில்.
ஆ) 20 சனி, காலை 11, உங்கள் மில்லில். துணியை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.
இ) 22 திங்கள், காலை 11, எங்கள் அலுவலகத்தில்.
நாளை இரவு 7 வரை மூன்று நேரத்தையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்றுமே ஒத்துவராவிட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே அழைத்துப் பேசுகிறேன். லாட் எண், கோன் ஸ்டிக்கர், துணியின் போட்டோக்களை இன்றிரவு அனுப்புகிறேன். குறையுள்ள துணித் துண்டும் அதே லாட்டின் இரண்டு கோன்களும் நாளைக் காலை பார்சலில் வரும். உங்கள் குவாலிட்டி சார் ஷிஃப்டை மாற்றிவைத்தது எங்களால் வீணானது. அவரிடமும் நான் தனியாகப் பேசுகிறேன்."

மூன்று வாய்ப்பும் மூன்று விதமானவை. ஒன்று அவசரமாக முடிக்க விரும்பினால், ஒன்று நிதானமாக வர விரும்பினால். நடுவில் உள்ளது பயணத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்வது. அதை அவர் தேர்ந்தெடுக்காமல் போகலாம். ஆனால் சொன்ன விதத்தில் அலைச்சலைப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்பது தெரிந்துவிடுகிறது. எந்த மன்னிப்பைவிடவும் இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் செய்ய முடியும் என்றால் மட்டுமே சொல்ல வேண்டும். அவர் "சரி, சனிக்கிழமை வாங்க" என்று சொன்னதும் நாம் பின்வாங்கினால், அது முதலில் தள்ளிவைத்ததைவிடக் கேவலம்.

பார்சல் விஷயமும் கவனிக்கத்தக்கது. சந்திப்பு தள்ளிப்போனால் அதில் முடிய வேண்டிய எல்லா வேலையும் சேர்ந்து தள்ளிப்போக வேண்டியதில்லை. இழை எங்கிருந்து வந்தது என்று மில்லின் சோதனைக்கூடம் பார்ப்பதற்கு நாம் நேரில் இருக்க வேண்டாம். நஷ்டத்தை யார் ஏற்பது என்ற பேச்சுக்குத்தான் முகம் பார்த்துப் பேச வேண்டும். முதல் பாதியை இப்போதே ஆரம்பித்துவிட்டால், திங்கட்கிழமை அவர் கையில் ஒரு அறிக்கையோடு வருவார். இழந்த நாட்களில் பாதி மீண்டுவிடும்.

நேரங்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளூர் அறிவும் கொஞ்சம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 10:30 முதல் 12 வரை ராகு காலம். குறைபாட்டைப் பற்றிப் பேச யாரும் அதைப் பார்க்காமல் இருக்கலாம், புது ஆர்டரோ அட்வான்ஸோ பேசுவதென்றால் பல பெரியவர்கள் பார்ப்பார்கள். ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் வேறு ஏதாவது காரணம் சொல்வார்கள். வருபவர் முஸ்லிம் என்றால் வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரத்தைத் தவிர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை திருப்பூரில் பல நிறுவனங்களில் வாரச் சம்பளம் போடும் நேரம், முதலாளியின் கவனம் வேறெங்கும் இருக்காது. வெளிநாட்டுக்காரரோடு காணொளிப் பேச்சு என்றால் சிக்கல் வேறு மாதிரி. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அங்கே கடிகாரத்தை மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறு. அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடுவார்கள். இடைப்பட்ட வாரங்களில் மூன்று நாட்டுக்காரர்களும் சேரும் பேச்சை அவசரமாக மாற்றினால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார். அவருடைய ஊர் நேரத்தையும் நம் நேரத்தையும் சேர்த்தே எழுதிவிடுவது பாதுகாப்பு.

மேலே உள்ள செய்தியில் ஒவ்வொரு நேரத்தோடும் தேதியும் கிழமையும் இருந்ததைக் கவனித்திருக்கலாம். "நாளை" என்று எழுதிய செய்தியை அவர் மறுநாள் காலையில் படித்தால் அது வேறொரு நாளாகிவிடும். புதன்கிழமை "அடுத்த வெள்ளி" என்று சொன்னால் சிலர் நாளை மறுநாளையும், சிலர் அதற்கடுத்த வாரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். தேதியும் கிழமையும் இரண்டும் இருந்தால் இன்னொரு நன்மை. நாம் தவறாக எழுதியிருந்தால் ஒன்றோடொன்று பொருந்தாது, அவர் உடனே கேட்டுவிடுவார்.

பதில் வரும்வரை அந்த மூன்று நேரங்களும் நம்முடையவை அல்ல. இதை மறந்து, வெள்ளி 2:30-ஐ இன்னொருவருக்கும் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஆய்வு முன்கூட்டி வந்தால் அன்றைய மூன்று நான்கு சந்திப்புகளையும் நகர்த்த வேண்டிவரும் என்பதால் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் ஒதுக்கீட்டுக்கு ஒரு கெடு. கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி அழைக்க வேண்டும். அவர் ஒன்றைத் தேர்ந்ததும் மற்ற இரண்டையும் விடுவித்து, முடிவான நேரத்தை மட்டும் ஒரே வரியில் மறுபடி அனுப்ப வேண்டும். மூன்று நேரங்கள் கொண்ட பழைய செய்தியை அடுத்த வாரம் அவர் மேலே தள்ளித் தேடும்போது குழம்பக் கூடாது. நாட்காட்டிச் செயலியில் அழைப்பு அனுப்பியிருந்தால், பழைய அழைப்பையே திருத்தி அனுப்புவது நல்லது. பழையதை அப்படியே விட்டுப் புதிதாக ஒன்று போட்டால், வியாழன் காலை 10:45-க்கு அவர் போன் மணியடித்து, நடக்காத சந்திப்பை நினைவூட்டும்.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடுகிறோம். சந்திப்பு இருவருக்கு இடையே என்றாலும் அதைச் சுற்றி ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். துணியை விரித்துக் காட்ட வேண்டிய பரிசோதகர், சாயப்பட்டறையிலிருந்து வரச் சொன்ன மேஸ்திரி, மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்த மெஸ், கேட் வாட்ச்மேன். முக்கியமானவர் சாயப்பட்டறை மேஸ்திரிதான். மில்காரரிடம் அவ்வளவு பணிவாகப் பேசிவிட்டு, அவிநாசிப் பக்கமிருந்து டூவீலரில் வரும் மேஸ்திரிக்குச் சொல்லாமல் விட்டால், காலை 10:50-க்கு அவர் வாசலில் நிற்பார். நம்மிடம் வேலை வாங்குபவருக்குச் சொல்வதில் இருக்கும் அக்கறை, நாம் வேலை வாங்குபவரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. உண்மையில் ஒரு நாள் கூலியை இழப்பவர் அவர்தான்.

சரி, புதன் மாலை தகவல் வராமல், வியாழன் காலை 9 மணிக்குத்தான் ஆய்வாளர் வந்து இறங்குகிறார் என்றால்? மில்காரர்கள் தாராபுரத்தைத் தாண்டியிருப்பார்கள். இப்போது "திரும்பிப் போங்கள்" என்பது கொடுமை, ஒன்றும் சொல்லாமல் வரவழைத்து உட்காரவைப்பதும் கொடுமை. அழைத்து, "எங்கே இருக்கீங்க?" என்று முதலில் கேட்டுவிட்டு, உள்ளதைச் சொல்லி முடிவை அவரிடம் விடலாம். வந்தால் 11 மணிக்கு பேப்ரிக் மேனேஜர் துணியைக் காட்டுவார், 1:30-க்குச் சாப்பாட்டு நேரத்தில் எம்டி அரைமணி உட்காருவார், அதற்கு மேல் இன்று முடியாது. இப்படிச் சொன்னால் வருவதா திரும்புவதா என்று அவரால் கணக்குப் போட முடியும். சிலர் அந்த இடைவெளியில் திருப்பூரிலேயே இன்னொரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த அரைமணியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக் கூடாது.

ஒரே சந்திப்பை இரண்டாம் முறையும் மாற்ற நேர்ந்தால் மாற்று நேரப் பட்டியலுக்கு இனி மதிப்பில்லை. நாமே புறப்பட்டு அவரிடம் போக வேண்டும், அல்லது முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள வேறொருவரை அனுப்ப வேண்டும். இரண்டும் முடியாதென்றால் இந்தச் சந்திப்பு நமக்கு முக்கியமில்லை என்று அவர் முடிவுகட்டுவார். அது சரியான முடிவாகவும் இருக்கும்.

நாளைய டைரியை இப்போதே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நடக்காது என்று உங்களுக்கே தெரிந்த ஒரு சந்திப்பு அதில் இருந்தால், வரப்போகிறவர் இன்னும் வண்டிக்குச் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவரை அழைத்துவிடுங்கள்.